புறக்கோட்டை அப்பிளை எப்படி எண்ணுவது: மேலிருந்தா, கீழிருந்தா?

வத்தளைப் பக்கம் வாடகைக்கு விடும் குளிர்க்களஞ்சியம் ஒன்று போடலாமா என்று மைத்துனரும் நானும் இரண்டு மாதம் தனித்தனியாகக் கணக்குப் பார்த்தோம். அவர் மேலிருந்து கீழே வந்தார். நான் கீழிருந்து மேலே போனேன். சரக்குப் பெட்டிகளை அடுக்கி வைக்கும் தட்டுதான் பேலட்; அவருக்கு 300 பேலட் இடம் தேவைப்பட்டது, எனக்கு 80. என் பக்கம்தான் சாய்வேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மேலிருந்து போகும் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். சுங்கப் புள்ளிவிவரத்தில் 0808.10 என்ற இலக்கத்தில் அப்பிள் இறக்குமதி இருக்கும். நாட்டின் மொத்தத்தை எடுத்து, கொழும்புப் பங்கு, நமக்கு வரக்கூடிய பங்கு என்று சதவீதங்களால் பெருக்கிக்கொண்டே இறங்கலாம். ஒரு மாலையில் வேலை முடிந்துவிடும், வங்கிக்காரருக்கும் பிடிக்கும்.

சிக்கல் என்னவென்றால், சுங்கம் சொல்வது ஆண்டுக்கு எத்தனை தொன் உள்ளே வந்தது என்பதை. நாம் விற்பதோ தொன்னை அல்ல, ஒரு பேலட் இடத்தை ஒரு நாளுக்கு. அப்பிள் ஒரு பேலட் ஏறக்குறைய ஒரு தொன். கணக்கு இலகுவாக இருக்க ஆண்டுக்கு 36,500 தொன் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 100 தொன். கொழும்புக்கு 60 தொன். சரக்கு 20 நாள் தங்கினால் எந்த நாளிலும் 1,200 பேலட் இடம் வேண்டும், அதில் கால்வாசி 300. இதுதான் மைத்துனரின் கணக்கு. அதே சரக்கு 6 நாள் மட்டும் தங்கினால்? 360 பேலட், கால்வாசி 90. தொன் ஒன்றும் மாறவில்லை. அந்த 20 நாளை அவர் எங்கே எடுத்தார் என்று கேட்டேன். "பழம் என்றால் அவ்வளவு நாள் இருக்கும்தானே" என்றார்.

ஆகவே நான் நாட்களைத் தேடிப் போனேன். புறக்கோட்டையில் அப்பிள் இறக்குகிற எட்டு வியாபாரிகளைக் கேட்டேன். மாதத்துக்கு எட்டுப் பேருக்கும் சேர்த்து 20 நாற்பதடிக் கொண்டெய்னர், ஒன்றில் 20 பேலட். எத்தனை நாளில் விற்று முடியும் என்றால் முதலாளிமார் ஏறக்குறைய ஒரே பதில்தான் சொன்னார்கள்: 12 நாள். அதை அப்படியே போட்டால் 400 பேலட்டை 12 ஆல் பெருக்கி 30 ஆல் வகுக்க, 160 பேலட். நானும் முதலில் அப்படித்தான் போட்டேன்.

ஒரு கடையின் கணக்கப்பிள்ளைதான் பிழையைக் காட்டினார். "தம்பி, பன்னிரண்டாம் நாள் போவது கடைசிப் பேலட். முதல் பேலட் வந்த அன்றைக்கே லொறியில் ஏறிவிடும்." சரக்கு ஒரே சீராகக் குறைந்தால் ஒரு பேலட் சராசரியாகத் தங்குவது 6 நாள். ஆகவே 160 அல்ல, 80. கொண்டெய்னர் இறங்கிய திகதியையும் ஒவ்வொரு விற்பனைப் பில்லின் திகதியையும் வாங்கிப் பார்த்தால் இன்னும் துல்லியமாகத் தெரியும். வாயால் சொல்லும் நாளை நம்பாதீர்கள், பில்லைப் பாருங்கள். ஆனால் வாடிக்கையாளர் அறையை முழுதாகப் பிடித்துவைப்பவர் என்றால் 12 நாளுக்கும் காசு தருவார். அப்போது 160 தான் சரி. எதற்கு விலை வைக்கப் போகிறோம் என்று முடிவெடுக்காமல் இந்த எண்ணைத் தொடவே கூடாது.

இந்த 80 உம் எங்களுடையது அல்ல. 20 கொண்டெய்னரில் 12 அவரவர் சொந்தக் குளிர் அறைக்குப் போய்விடும். வெளியே இடம் தேடுவது 8 தான். அதாவது சராசரியாக 32 பேலட். டிசம்பரில் வெளியே வருவது 15 வரை போகும் என்றார்கள், அப்போது 60. இரண்டு கொண்டெய்னர் ஒரே நாளில் வந்து நிற்பதற்கும் கொஞ்சம் இடம் விட்டு, 80 என்று முடித்தேன்.

கீழிருந்து போவதிலும் குழி உண்டு. என் முதல் கூட்டலில் 26 கொண்டெய்னர் வந்தது. இறக்கியவரும் சொன்னார், அவரிடம் பாதியை எடுத்தவரும் அதையே தன்னுடையது என்று சொன்னார். நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட கொண்டெய்னர் எண்ணைக் கேட்டு ஒப்பிட்ட பிறகுதான் ஆறு உதிர்ந்தது. நான் பேசாத சிறு இறக்குமதியாளர்களும் இதில் இல்லை. மைத்துனரின் கணக்கு இங்கே உதவும்: என் 20 கொண்டெய்னர் ஆண்டுக்கு 4,800 தொன். இது சுங்கத் தொகையைத் தாண்டினால் எங்கோ இரட்டிப்பு இருக்கிறது என்று பொருள்.

இது பழத்துக்கு மட்டும் பார்த்தது. பேலியகொடை மீன் சந்தைப் பக்கம் நான் ஒருவரிடமும் பில் வாங்கிப் பார்க்கவில்லை. அங்கே −18 பாகையில் மாதக்கணக்கில் கிடக்கும் சரக்கும் உண்டு, அதனால் 6 நாளை அங்கே கொண்டுபோக வேண்டாம். மைத்துனர் இப்போது 80 க்கு ஒத்துக்கொண்டுவிட்டார். பக்கத்துக் காணியை மட்டும் விற்கமாட்டேன் என்கிறார்.