2 ஜிபி ரேம் லேப்டாப்பில் 32 பிட்டா, 64 பிட்டா: இரண்டையும் ஓட்டிப் பார்த்த அனுபவம்

இன்டெல் ஆட்டம் Z3735F பிராசசர், 2 ஜிபி ரேம், 32 ஜிபி இஎம்எம்சி ஸ்டோரேஜ். ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது, கூட்ட வழியில்லை. விண்டோஸ் 10 (32 பிட்), டெபியன் 12 லினக்ஸ் (32 பிட்), அப்புறம் டெபியன் 12 (64 பிட்) என்று மூன்றையும் இதே லேப்டாப்பில் மாதக்கணக்கில் அன்றாட வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறேன். இப்போது இருப்பது 64 பிட். அதிலேயே இருக்கப் போகிறேன். ஆனால் "ரேம் 4 ஜிபிக்குக் கீழே என்றால் 32 பிட்தான்" என்று பல வருடங்களாகச் சொல்லப்பட்டு வரும் அறிவுரை ஆதாரமில்லாதது அல்ல. அது எவ்வளவு தூரம் உண்மை, எங்கே பொருந்தாமல் போகிறது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் பிராசசரைப் பாருங்கள். 32 பிட் விண்டோஸ் போட்டு விற்ற லேப்டாப் என்பதாலேயே உள்ளே இருப்பது 32 பிட் பிராசசர் என்று முடிவுகட்டக் கூடாது. லினக்ஸில் `lscpu` கொடுத்தால் `CPU op-mode(s)` என்ற வரியில் `32-bit, 64-bit` என்று இரண்டும் வந்தால் பிராசசர் 64 பிட்டைத் தாங்கும். 2008-ல் வந்த ஆட்டம் N270 போன்றவற்றில் 32 மட்டும்தான் வரும். அதை வைத்திருப்பவர்களுக்குத் தேர்வு செய்ய எதுவும் இல்லை. 2010-ல் வந்த N450-லேயே 64 பிட் வந்துவிட்டது.

பிராசசர் 64 பிட்டாக இருந்து, அதை எழுப்பும் யூஈஎஃப்ஐ ஃபர்ம்வேர் மட்டும் 32 பிட்டாக இருக்கும் ரகமும் உண்டு. என்னுடையது அந்த ரகம். லினக்ஸை யூஈஎஃப்ஐ வழியாகப் பூட் செய்த பிறகு இதைக் கொடுத்தால் தெரிந்துவிடும்:

```
cat /sys/firmware/efi/fw_platform_size
```

எனக்கு 32 என்று வந்தது. 64 பிட் விண்டோஸ் இப்படிப்பட்ட ஃபர்ம்வேரில் பூட் ஆகாது. பழைய பயாஸ் முறையில் பூட் செய்யும் வசதி இருந்தால் தப்பிக்கலாம், என் லேப்டாப்பில் அதுவும் இல்லை. ஆகவே விண்டோஸ் என்றால் 32 பிட், 64 பிட் என்றால் லினக்ஸ். என் முன்னால் இருந்த வழிகள் இவ்வளவுதான்.

விண்டோஸ் 10-ஐப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. இந்த அளவு ரேமில் அதன் 32 பிட் பதிப்பு சரியான தேர்வாகத்தான் இருந்தது. 64 பிட் விண்டோஸ், 32 பிட் செயலிகளுக்காக `SysWOW64` என்ற கோப்புறையில் இன்னொரு தொகுதி லைப்ரரிகளை வைத்துக்கொள்ளும். 32 ஜிபி டிஸ்க்கில் அதுவே பாரம். ஆனால் பெரிய அப்டேட் ஒவ்வொன்றும் பல ஜிபி காலி இடம் கேட்க, ஒவ்வொரு முறையும் படங்களையும் கோப்புகளையும் வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் அதைப் போட முடிந்தது. 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது.

சரி, லினக்ஸுக்கு வருவோம். முதலில் 32 பிட் டெபியன் 12, எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப்போடு. பிறகு அதே டெஸ்க்டாப், அதே செயலிகளோடு 64 பிட். ஒப்பிட இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. லாகின் செய்து கொஞ்ச நேரம் விட்டுவிட்டு `free -m` பார்த்தபோது, 32 பிட்டில் பயன்பாட்டில் இருந்தது சுமார் 300 எம்பி, 64 பிட்டில் சுமார் 370 எம்பி. ஃபயர்பாக்ஸில் ஒரு மின்னஞ்சல், ஒரு செய்தித்தளம், ஒரு வீடியோ என்று மூன்று டேப் திறந்தால் 900 எம்பிக்கு எதிராக 1.1 ஜிபி. டேப்களைப் பொறுத்து இந்த எண்கள் ஏறி இறங்கும், ஆனால் 64 பிட் எப்போதும் மேலேதான் நின்றது.

காரணம் எளிது. நினைவகத்தில் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று சுட்டும் முகவரி 32 பிட்டில் 4 பைட், 64 பிட்டில் 8 பைட். செயலிகள் உள்ளுக்குள் இப்படிப்பட்ட முகவரிகளை லட்சக்கணக்கில் வைத்திருக்கும். அதே சமயம் படம், எழுத்து, வீடியோ எல்லாம் இரண்டிலும் ஒரே அளவுதான். அதனால்தான் மொத்தப் பயன்பாடு இரட்டிப்பாகாமல், கால்வாசியோ கொஞ்சம் கூடக்குறையவோ ஏறுகிறது. குரோமியம் வகைப் பிரவுசர்கள் இதிலும் ஒரு வேலை செய்திருக்கின்றன. 2020-ல் வந்த குரோம் 80 முதல், ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் 64 பிட்டிலும் உள்முகவரிகளை 4 பைட்டாகச் சுருக்கி வைக்கிறது. முன்பு இருந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி அங்கேயே குறைந்துவிட்டது.

`free` கொடுத்ததும் பலர் `free` என்ற பத்தியைப் பார்த்துவிட்டு "80 எம்பிதான் மிச்சம்" என்று பதறுகிறார்கள். பார்க்க வேண்டியது `available` பத்தி. லினக்ஸ் காலி ரேமைக் கோப்புகளின் கேஷாகப் பயன்படுத்தும், தேவைப்பட்டால் விட்டுக்கொடுத்துவிடும். உண்மையான நெருக்கடியைக் கண்டுபிடிக்க `vmstat 1` ஓடவிட்டு, ரேமுக்குத் துணையாக இருக்கும் ஸ்வாப்பிலிருந்து வருவதையும் அதற்குப் போவதையும் காட்டும் `si`, `so` பத்திகளைப் பார்க்க வேண்டும். டேப் மாற்றும்போது ஒரு தடவை எண் வந்து போனால் கவலையில்லை. நொடிக்கு நொடி ஆயிரக்கணக்கில் வந்துகொண்டே இருந்து, டிஸ்க்குக்காகப் பிராசசர் காத்திருக்கும் நேரத்தைக் காட்டும் `wa` பத்தியும் ஏறி நின்றால் ரேம் போதவில்லை என்று அர்த்தம். இந்த நிலை எனக்கு இரண்டு பதிப்பிலும் வந்தது. 32 பிட்டில் ஒரு டேப் கழித்து வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஒரு டேப்தான் 32 பிட் எனக்குத் தந்த முழு லாபம்.

அந்த லாபத்தை இசட்ரேம் ஈடுகட்டிவிட்டது. ரேமின் ஒரு பகுதியையே சுருக்கப்பட்ட ஸ்வாப்பாக மாற்றும் கெர்னல் வசதி இது. டெபியனில் `zram-tools` பொதியை நிறுவி, `/etc/default/zramswap` கோப்பில் இந்த இரண்டு வரிகள்:

```
ALGO=zstd
PERCENT=60
```

அப்புறம் `sudo systemctl restart zramswap`. பிரவுசர் நிறைய திறந்திருக்கும்போது `zramctl` பார்த்தால், `DATA` பத்தியில் 640 எம்பியும் `COMPR` பத்தியில் 190 எம்பியும் இருந்தன. அதாவது 450 எம்பி எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. 64 பிட் கூடுதலாக எடுத்துக்கொண்டது 200 எம்பி. முகவரிகளின் மேல்பாதி பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால் அவை நன்றாகவே சுருங்கும். சுருக்கவும் விரிக்கவும் பிராசசர் உழைக்க வேண்டும், டேப் மாற்றும்போது ஒரு நொடி தயக்கம் தெரியும். ஆனாலும் மெதுவான, எழுத எழுதத் தேயும் இஎம்எம்சியில் ஸ்வாப் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். 32 பிட்டிலும் இசட்ரேம் வேலை செய்யும், உண்மைதான். நான் சொல்வது, 64 பிட்டின் கூடுதல் செலவு இந்த லேப்டாப் தாங்கக்கூடிய அளவுக்குள் அடங்கிவிட்டது என்பதை.

அப்படியென்றால் தீர்மானித்தது எது? மென்பொருள் வரத்து. லினக்ஸுக்கான 32 பிட் குரோமை 2016 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டார்கள். ஃபயர்பாக்ஸின் வழக்கமான வெளியீட்டிலும் 144-தான் 32 பிட் லினக்ஸுக்குக் கடைசி. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் 32 பிட்டுக்குக் கெர்னலும் இல்லை, இன்ஸ்டாலரும் இல்லை. 32 பிட் அமைப்புகளை 13-க்கு மேம்படுத்தாதீர்கள், முடிந்தால் 64 பிட்டாகப் புதிதாக நிறுவுங்கள் என்றே வெளியீட்டுக் குறிப்பில் சொல்லியிருக்கிறார்கள். பாதுகாப்பு அப்டேட் வராத பிரவுசரில் வங்கிக் கணக்கைத் திறக்க எனக்கு மனமில்லை. ஒரு டேப் கூடுதலாகக் கிடைப்பதற்காக அதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

மாறும்போது கவனிக்க வேண்டியது பென்டிரைவ். 32 பிட் ஃபர்ம்வேர் தேடுவது `EFI/BOOT/` அடைவில் உள்ள `bootia32.efi` கோப்பை. பல 64 பிட் ஐஎஸ்ஓக்களில் `bootx64.efi` மட்டும்தான் இருக்கும். அப்படிப்பட்ட பென்டிரைவ் பூட் மெனுவில் வரவே வராது, அல்லது தேர்ந்தெடுத்தால் திரை ஒரு கணம் கறுத்து மெனுவுக்கே திரும்பிவிடும். பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி எழுதிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுதுவதற்கு முன்பே ஐஎஸ்ஓவைத் திறந்து அந்த அடைவைப் பார்த்துவிடுங்கள். நான் எடுத்த டெபியன் ஐஎஸ்ஓவில் இரண்டும் இருந்தன. 32 பிட் கிரப் பூட்லோடர், 64 பிட் கெர்னலை எழுப்புவதில் சிக்கல் இல்லை. 2014-ல் வந்த கெர்னல் 3.15 முதல் அதற்கு வசதி உண்டு. நிறுவி முடித்ததும் இன்ஸ்டாலரில் Ctrl+Alt+F2 அழுத்தி வரும் ஷெல்லில் `chroot /target dpkg -l | grep grub-efi` கொடுத்து, `grub-efi-ia32` இருக்கிறதா என்று ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்குப் பதிலாக `grub-efi-amd64` மட்டும் இருந்தால், அடுத்த தடவை லேப்டாப் டிஸ்க்கிலிருந்து எழாது.

ஸ்டோரேஜ் விஷயத்தில் லினக்ஸின் இரண்டு பதிப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஃபயர்பாக்ஸ், லிப்ரெஆபிஸ் எல்லாம் சேர்த்தும் என் 64 பிட் அமைப்பு 6 ஜிபிக்குள் அடங்கிவிட்டது. ஒன்றே ஒன்று, 64 பிட்டில் இருந்துகொண்டு 32 பிட் செயலிகளை ஓட்ட ஆரம்பித்தால் விண்டோஸின் அதே கதை இங்கேயும் வரும். லைப்ரரிகள் டிஸ்க்கிலும் இரண்டு தொகுதி, ரேமிலும் இரண்டு தொகுதி. பழைய விண்டோஸ் செயலிகளுக்காக ஒயின் நிறுவுபவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். `dpkg --print-foreign-architectures` கொடுத்தால் எதுவும் வரக்கூடாது. என் லேப்டாப்பில் அதை அப்படியேதான் வைத்திருக்கிறேன்.

வேகம்? பிராசசரின் பொதுப் பதிவேடுகள் 8-லிருந்து 16 ஆவதால் பெரிய கோப்புகளைச் சுருக்குவது, என்கிரிப்ட் செய்வது போன்ற வேலைகள் 64 பிட்டில் சுறுசுறுப்பாக நடக்கின்றன. இணையப் பக்கம் திறப்பதில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

1 ஜிபி ரேம் உள்ளவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது. அங்கே 200 எம்பி என்பது மொத்த ரேமில் ஐந்தில் ஒரு பங்கு. இசட்ரேம் வைத்தாலும் இன்றைய பிரவுசர் மூச்சுமுட்டும். அந்த லேப்டாப்பை இணையத்தோடு இணைக்காமல் தட்டச்சுக்கோ பாட்டு கேட்கவோ வைத்துக்கொள்வதாக இருந்தால் 32 பிட் டெபியன் 12 இன்னும் நல்ல தேர்வுதான். பிரவுசர் கட்டாயம் வேண்டும் என்றால் எந்தப் பதிப்பும் அதைக் காப்பாற்றாது.