ஒன்பதாயிரம் கல்யாணப் படங்கள்: எந்த ஆப் எதைப் பிரிக்கும்?

தங்கை கல்யாணம் முடிந்த ஒரே மாதத்தில் எங்கள் வீட்டு போன்களிலும் ஸ்டுடியோக்காரர் தந்த பென்டிரைவிலுமாக ஏறக்குறைய ஒன்பதாயிரம் படங்கள் சேர்ந்துவிட்டன. அம்மா கேட்டது ஒன்றுதான்: பாட்டி இருக்கிற படங்கள் மட்டும் தனியாக வேண்டும். அதற்கு முன் ஒரே படம் நாலு தடவை இருப்பதைக் களைய வேண்டியிருந்தது.

இரட்டைப் படம் என்பதில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, பைட் மாறாத அச்சு நகல். ஒரே கோப்பு இரண்டு ஃபோல்டரில் கிடப்பது இப்படித்தான். கூகுளின் ஃபைல்ஸ் ஆப் இந்த வகையைச் சரியாகப் பிடிக்கிறது, தவறாகப் பிடிப்பது அரிது. ஆனால் இரண்டாம் வகை அதன் கண்ணில் படாது. கேமராவில் எடுத்த படம் 4000 பிக்சல் அகலத்தில் மூன்று, நாலு எம்பி இருக்கும். அதை வாட்ஸ்அப்பில் சாதாரண தரத்தில் அனுப்பினால் நீண்ட பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கிப் போய்ச் சேரும். நமக்கு அது ஒரே படம், ஃபைல்ஸ் ஆப்புக்கு வேறு கோப்பு. குடும்பக் குழுக்களில் சேர்கிற குப்பையில் பெரும்பகுதி இதுதான். கூகுள் போட்டோஸ் ஒரே மாதிரிப் படங்களை அடுக்காகக் காட்டினாலும், அது பார்வைக்கு வசதியே தவிர இடம் மிச்சமாகாது. ஐபோனில் iOS 16 முதல் வந்த இரட்டைப் படங்கள் ஆல்பம் நன்றாகவே இருக்கிறது. இரண்டையும் இணைத்துத் தரமானதை வைத்துக்கொள்ளும்.

ஆண்ட்ராய்டுக்காரர்கள் படங்களைக் கணினிக்கு மாற்றி, Czkawka என்ற இலவச மென்பொருளை ஓட்டுவதே மேல். அது ஒவ்வொரு படத்தையும் சின்னஞ்சிறு கட்டங்களாகச் சுருக்கி, வெளிச்ச மாற்றங்களை ஒரு குறியீடாக்கி, குறியீடுகளை ஒப்பிடுகிறது. அளவு குறைந்தாலும் படத்தின் சாயல் மாறாததால் வாட்ஸ்அப் நகல் மாட்டிக்கொள்ளும்.

ஆபத்தும் அந்தச் சுருக்கத்தில்தான் இருக்கிறது. வரவேற்பு மேடைப் படங்களை நினைத்துப் பாருங்கள். அதே பூ அலங்காரம், அதே மணமக்கள், அதே கோணம், பக்கத்தில் நிற்கும் விருந்தினர் மட்டும் மாறுகிறார். எட்டுக்கு எட்டு கட்டமாகச் சுருக்கினால் பெரியப்பா குடும்பமும் அலுவலக நண்பரும் ஒன்றுதான். நான் முதலில் போனில் போட்ட ஒரு க்ளீனர் ஆப் இப்படித்தான் முப்பதுக்கும் மேற்பட்ட மேடைப் படங்களை நகல் என்று டிக் போட்டு வைத்திருந்தது. ஒரே பொத்தானில் அத்தனையும் போயிருக்கும். Czkawka-வில் Hash size என்ற அமைப்பை 8-லிருந்து 16 அல்லது 32-க்கு ஏற்றி, ஒற்றுமை அளவை மிகக் கடுமையாக வைத்தால் இந்தக் குழப்பம் பெரிதும் குறைகிறது. அப்புறம் ஒவ்வொரு குழுவிலும் பிக்சல் அதிகமுள்ளதை விட்டுவிட்டு மற்றவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். மேடைப் படங்களின் ஃபோல்டரை மட்டும் கண்ணால் பார்த்தே நீக்குங்கள்.

ஆட்களைப் பிரிப்பதில் கூகுள் போட்டோஸின் கை ஓங்குகிறது. குழந்தை வளர்ந்து முகம் மாறினாலும் பெரும்பாலும் தொடர்கிறது. சந்தேகம் வந்தால் இருவரும் ஒருவரா என்று கேட்கிறது. இதற்குப் படங்கள் எல்லாம் மேலேற வேண்டும், இலவச இடமோ ஜிமெயிலோடு சேர்த்து 15 ஜிபிதான். பேக்கப் ஆன படத்தை அந்த ஆப்பில் நீக்கினால் போனிலிருந்தும் போய்விடும் என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், அதற்குள் மீட்கலாம்.

படங்களை ஒழுங்குபடுத்த உதவும் digiKam என்ற மென்பொருள் கணினியிலேயே முகங்களைத் தேடும், எதையும் வெளியே அனுப்பாது. மெதுவானது, ஒவ்வொருவருக்கும் பல முகங்களை நாமே உறுதிசெய்து கொடுத்த பிறகுதான் நன்றாக ஊகிக்கத் தொடங்கும். ஆனால் Metadata அமைப்பில் முகக் குறிகளை எழுதும்படி டிக் போட்டால், பெயர் படக் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடுகிறது. கூகுளில் இட்ட பெயர் அந்தக் கணக்கோடு நிற்கும். பத்து வருடம் கழித்தும் பாட்டியின் பெயர் படத்தோடு இருக்க வேண்டும் என்பதால் நான் digiKam பக்கம் சாய்ந்தேன்.

நிகழ்ச்சிவாரியாகப் பிரிப்பது எந்த ஆப்பிலும் தேதியை நம்பித்தான் நடக்கிறது. வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தில் எடுத்த தேதி அழிந்திருக்கும். IMG-20240215-WA0007 போன்ற பெயரில் உள்ளது வந்து சேர்ந்த தேதி. சித்தி பத்து நாள் கழித்து அனுப்பிய முகூர்த்தப் படம் மறுவீட்டு விருந்துக்கு நடுவில் போய் உட்கார்ந்திருந்தது. கூகுள் போட்டோஸில் பல படங்களைச் சேர்த்துத் தேதி மாற்றலாம், மாற்றம் அங்கே மட்டும் இருக்கும். digiKam-இன் Time Adjust கோப்பிலேயே மாற்றுகிறது.

பாட்டி பந்தியில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்த படங்களை முகத்தேடல் தவறவிட்டது. digiKam-இல் அந்த இடத்தில் நாமே கட்டம் வரைந்து பெயரிடலாம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காட்டக் காட்ட, பதினாலு படங்களில் வரைந்தேன்.