நண்பனின் அப்பா அம்மா முன்னால்: காலில் விழுவதா, கைகூப்புவதா, பேரைச் சொல்வதா?

கல்லூரி முடிந்து பதினேழு வருடம் கழித்து, சென்ற மே மாதம் அடுத்தடுத்து இரண்டு நண்பர்களின் வீட்டுக்குப் போனேன். முதலாவது மதுரையில், இரண்டாவது பாளையங்கோட்டையில். முதல் வீட்டில் சொதப்பினேன். இரண்டாம் வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் உட்கார்ந்து, வாசலில் நின்று என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். அந்த யோசனைதான் இது.

நம் முன்னால் இருப்பவை மூன்று வழிகள். கைகூப்பி வணக்கம் சொல்வது, காலில் விழுவது, கிட்டே போய் "அம்மா, நான் இன்னான்" என்று சொல்லிவிடுவது. செருப்பை வெளியே விடுவது, வெறுங்கையோடு போகாமல் கொஞ்சம் பழம் வாங்கிப்போவது, கொடுத்த தண்ணீரை ஒரு வாயாவது குடிப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

வணக்கத்தில் தப்பு நடக்க வழியே இல்லை. அதுதான் அதன் குறையும். கடன் வசூலிக்க வந்தவரும் வணக்கம்தான் சொல்கிறார். முதல்முறை போகிற வீட்டுக்கு அது போதும். ஒருகாலத்தில் அடுப்படி வரைக்கும் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்த வீட்டில் போய்க் கைகூப்பி நின்றால், நாமே ஒரு முழம் தள்ளி நிற்பது போல ஆகிவிடும்.

காலில் விழுவதில் அன்பும் மரியாதையும் சேர்ந்தே இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் வீடு பார்த்து, ஆள் பார்த்துச் செய்ய வேண்டியது. சுயமரியாதைக்காரர் வீட்டில் பெரியார் படத்துக்குக் கீழே விழுந்தால், "எந்திரிப்பா முதல்ல" என்று அதட்டல்தான் கிடைக்கும். முஸ்லிம் வீட்டில் அது கூடவே கூடாது, சிரம் பணிவது இறைவனுக்கு மட்டும். அங்கே ஒரு சலாம் போதும். படுத்திருப்பவர் காலில் விழுவதையும் பல வீடுகளில் அபசகுனமாக நினைப்பார்கள். இன்னொன்று, நாம் விழுந்ததும் பெரியவர்கள் நம்மைத் தூக்கிவிடக் குனிவார்கள். முட்டி வலியோ தலைசுற்றலோ இருக்கிறவருக்கு அது நாம் கொடுக்கிற வேலை. சர்க்கரை நோயால் காலில் புண் இருந்தால் தொடவே கூடாது. இத்தனையையும் வாசல்படியில் நின்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் மூன்றாவது வழியின் ஆள். காரணம் ஒன்றுதான்: பெரியவர்களுக்கு நம்மை அடையாளம் தெரிய வேண்டும். அது நடக்கும்வரை நாம் காட்டுகிற மரியாதை யாரோ ஒருவன் காட்டுகிற மரியாதை.

மதுரை வீட்டில் நடந்தது இதுதான். உள்ளே போனதும் சிரித்துக்கொண்டே, "என்னைத் தெரியுதாப்பா?" என்று கேட்டேன். நாம் எல்லோரும் பாசமாக நினைத்துக் கேட்கிற கேள்வி. எழுபது வயதைத் தாண்டியவருக்கு அது திடீர்ப் பரீட்சை. "தெரியாம என்ன, உக்காருங்க" என்றார். அந்த 'ங்க'விலேயே நான் விழித்திருக்க வேண்டும். கல்லூரிக் காலத்தில் "உக்காருடா"தான். அரைமணி நேரம் அவர் மழையைப் பற்றியும் பஸ் வசதியைப் பற்றியும் மட்டும் பேசினார். என் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு அடுக்களையில் மகனிடம் மெதுவாக, "யாருடா அந்தத் தம்பி?" என்று கேட்டது கூடத்துக்கே கேட்டது. அவருக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்.

அடையாளம் தெரிந்துவிட்டதா என்று பார்க்க இந்த 'ங்க'வை விட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. ஆள் பிடிபட்ட நொடியில் அது 'ப்பா'வாகவோ 'டா'வாகவோ இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால் இன்னும் ஒரு துப்பு கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். பிள்ளையின் நண்பர்களை எப்போதுமே 'வாங்க போங்க' என்று அழைக்கிற வீடுகளில் இது பலிக்காது. அங்கே கேள்விகளைக் கவனிக்கலாம். நம் வீட்டைப் பற்றிப் பேர் சொல்லிக் கேட்டால் பிடிபட்டுவிட்டது.

துப்பு கொடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பாளையங்கோட்டை வீட்டில் முதலில் வாசல் நிலையில் நிற்காமல் உள்ளே தள்ளி வந்தேன். முதுகுக்குப் பின்னால் மே மாத வெயில் அடிக்கும்போது கண்புரை உள்ளவருக்கு நம் முகம் வெறும் நிழல்தான். ஹெல்மெட், தொப்பி, கூலிங் கிளாஸ் எதுவும் கூடாது. அப்புறம் காது. வயதானால் பெரும்பாலும் கீச்சுக் குரல்தான் முதலில் கேட்காமல் போகும். அதனால் கத்துவதில் பலன் குறைவு. முகத்துக்கு நேரே நின்று, கீச்சிடாத கனத்த குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னால் கேட்கும்.

சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, நான் சோடாபுட்டி. உங்க பெரியவன்கூட ஹாஸ்டல்ல இருந்தவன். இங்க சொதி சாப்பிட்டுத் தூங்கி, பஸ்ஸ விட்டேனே."

பள்ளிச் சான்றிதழில் இருக்கிற பேரைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த வீட்டில் அந்தப் பேர் புழங்கவே இல்லை. பட்டப்பேர், யாருடைய கூட்டாளி, அந்த வீட்டுக்குள்ளேயே நடந்த ஒரு சம்பவம். இந்த மூன்றில் ஒன்றாவது மாட்டிக்கொள்ளும். வேலை, சம்பளம், இருக்கிற ஊர் எல்லாம் பின்னால் வந்தது, அதைச் சொல்லி யாருக்கும் அடையாளம் பிடிபடாது. சொதி என்றதும் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். "ஏல, கண்ணாடி எங்கல?" லேசர் செய்துகொண்ட கதையை அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

அழைக்கிற சொல்லும் ஒரு துப்புதான். அன்றைக்கு ஆன்ட்டி என்றால் இன்றைக்கும் ஆன்ட்டிதான். வயதாகிவிட்டது என்று திடீரென்று 'அம்மா'வுக்கு மாறினால் பழைய குரல் அவர்களுக்கு நினைவு வராது. மதுரைப் பக்கம் நண்பர்கள் 'மாப்ள' போட்டுக்கொள்வதால் அவன் அப்பா 'மாமா' ஆகிவிடுவதுண்டு, அதையும் மாற்ற வேண்டாம். தோழியின் வீட்டில் மட்டும் புதிதாக 'மாமா, அத்தை' என்று ஆரம்பித்துவிடாதீர்கள். நம் உறவு முறையில் அதற்கு வேறு அர்த்தம் உண்டு, பக்கத்து வீட்டுக்காரர் காது நீட்டுவார்.

மறதி நோய் வந்த பெரியவர் விஷயத்தில் என் அனுபவம் ஒரே ஒரு வீட்டோடு நிற்கிறது. அங்கே நண்பனின் அம்மா என்னைத் தன் தம்பி என்று நினைத்துப் பேசினார். நான் திருத்தவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டார், சாப்பிட்டேன் என்றேன். வேறு வீட்டில் இது சரிப்படுமா, பிள்ளைகளிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

காலில் விழுவதை நான் முழுக்கத் தள்ளிவிடவும் இல்லை, அதைக் கிளம்பும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன். அதற்குள் யாருக்கு முட்டி வலி, யாருக்குப் புண், யார் வீட்டில் பழக்கம் என்று தெரிந்துவிடும். பாளையங்கோட்டையில் அப்பாவை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் விழுந்தேன், குனிய வேண்டாம் என்று. அவர் கை என் தலைக்கு எட்டியது. விபூதி எடுத்துவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். "போயிட்டு வரேம்பா" என்றதும், "அடுத்த தடவையாவது பஸ்ஸ விடுல" என்றார்.