வெள்ளைத் தாளா, கிரே கார்டா?

ஆன்லைனில் விற்கும் சந்தன நிறச் சேலையை ஜன்னலோரம் வைத்துப் படமெடுத்து, நிறம் சரியாக வர ஏ4 தாளை வெள்ளைக்கு அளவாகக் காட்டி வொயிட் பேலன்ஸ் செய்தேன். படத்தில் சேலை மஞ்சளாகிவிட்டது. "நிறம் வேற" என்று திருப்பி அனுப்பினார் ஒரு அக்கா.

காரணம் தாள்தான். பளிச்சென்று தெரிய அதில் சேர்த்திருக்கும் ரசாயனம், பகல் வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக உமிழ்கிறது. அந்த நீலத்தை வெளிச்சத்தின் குறை என்று நினைத்து மென்பொருள் கழிக்க, படம் முழுக்க மஞ்சள் ஏறுகிறது. இன்னொரு சிக்கல், படத்தில் தாள் எளிதில் அளவுக்கு மீறி வெளுத்துவிடும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்ச அளவான 255 என்று காட்டினால் அந்த அளவீடு பயன்படாது. புற ஊதா குறைவான எல்இடி விளக்கில் மட்டும் தாள் ஓரளவு ஒத்துழைக்கும்.

எந்த நிறச் சாய்வும் இல்லாத சாம்பல் அட்டையான கிரே கார்டில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. சேலை மடிப்பின் மேலேயே, அதே வெளிச்சத்தில் வைத்து ஒரு படம், கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா வடிவில் எடுங்கள். கார்டை எடுத்துவிட்டு மற்றவற்றை எடுங்கள். படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் சொட்டுக்குழாய்க் குறியால் சாம்பலைத் தொட்டு, அதே அமைப்பை எல்லாப் படத்துக்கும் போடுங்கள். என் சேலைக்குச் சந்தனம் திரும்பியது இப்படித்தான்.

ஆனால் ஜன்னல் வெளிச்சத்தோடு டியூப்லைட்டும் எரிந்தால் கார்டும் கைவிடும். ஒரு மடிப்பு நீலமாகவும் இன்னொன்று மஞ்சளாகவும் தெரிந்தால், முதலில் டியூப்லைட்டை அணையுங்கள்.