ரிவி முகப்பில் வேண்டாத கட்டங்களை மறைத்தல்: மூன்று வழிகள், இரண்டு வீடுகள்

கோண்டாவிலில் இருக்கும் என் அம்மம்மாவுக்கு ரிவியில் தேவையானவை மூன்றுதான்: யூரியூப், செய்திச் செயலி ஒன்று, கேபிள் வழியாக இணைத்திருக்கும் பியோ ரிவி பெட்டி. ஆனால் அவருடைய கூகுள் ரிவியின் முகப்பில் பதினான்கு செயலிக் கட்டங்களும், அவற்றின் கீழே முடிவில்லாமல் இறங்கும் பரிந்துரை வரிசைகளும் இருந்தன. றிமோட்டில் கீழ்ப்பொத்தான் ஒருதரம் கூடுதலாக அழுந்தினால் போதும், சந்தா இல்லாத ஏதோ ஒரு சேவையின் படத்தில் போய் நிற்பார். ஓகே அழுத்தியதும் பதிவுப் பக்கம் திறக்கும். "தம்பி, இது காசு கேக்குது" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது தொலைபேசி வரும்.

முதல் வழி, முகப்பு தானே தரும் வசதி. செயலிக் கட்டத்தின் மேல் நின்று ஓகே பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் சிறு பட்டியல் வரும். அதிலிருந்து கட்டத்தை இடம் மாற்றலாம், வரிசையிலிருந்து நீக்கலாம். நீக்குவது அழிப்பது அன்று; செயலி உள்ளேயே இருக்கும், இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும். தொழிற்சாலையிலேயே பதித்து வந்த செயலிகள் சிலவற்றை அழிக்க முடியாது. அவற்றை அமைப்புகளில் செயலிகள் பகுதிக்குப் போய், இயலுமானால், முடக்கி வைக்கலாம். அம்மம்மாவின் ரிவியில் மூன்றை முடக்கி, எட்டை நீக்கி, எஞ்சிய மூன்றில் யூரியூப்பை இடது ஓரத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ பத்து நிமிடம் ஆனது.

இந்த வழியின் எல்லை உடனே தெரிந்துவிட்டது. கூகுள் ரிவியில் நாம் ஒழுங்குபடுத்தக்கூடியது செயலி வரிசை ஒன்றையே. கீழுள்ள பரிந்துரை வரிசைகளை ரிவியே தொடுக்கிறது, அவற்றை மேலும் கீழும் நகர்த்த இடமில்லை. மானிப்பாயில் சித்தப்பாவிடம் உள்ள பழைய அன்ட்ரொயிட் ரிவியில் இது வேறுவிதம். அங்கே ஒவ்வொரு வரிசையின் இடப்புறத்திலும் உள்ள சின்னத்துக்குப் போய் அந்த வரிசையை மேலேற்றலாம், இறக்கலாம், முழுதாகவே எடுத்துவிடலாம். 2020 இல் கூகுள் ரிவி முகப்பு அறிமுகமானபோது இந்த உரிமைதான் நம் கையைவிட்டுப் போனது. புதியது பழையதைவிடக் குறைவாகத் தருகிறது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

அதற்கு மாற்றாக வந்ததே இரண்டாவது வழியான Apps only mode. அமைப்புகளில் கணக்குகளுக்கான பகுதியில் நம் கணக்கைத் தெரிவு செய்தால் இந்தச் சுவிட்ச் இருக்கும். அதை இயக்கியதும் நமக்கென்று தொடுக்கப்பட்ட பரிந்துரைகள் போய், செயலிகள் முன்னுக்கு வரும். மேலே உள்ள பெரிய விளம்பரப் பட்டை மட்டும் எஞ்சும். வேறெதுவும் நிறுவத் தேவையில்லை, வேண்டாமென்றால் அதே இடத்தில் அணைத்துவிடலாம். இதன் விலை குரல் உதவியாளரை இழப்பது. எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தெரிந்து தட்டச்சு செய்யப் பொறுமையுள்ளவர்களுக்கு இது பெரிய இழப்பன்று. நல்லூர்த் திருவிழா நேரலையை றிமோட்டின் மைக்கில் சொல்லித் தேடும் அம்மம்மாவுக்கோ, ரிவியில் பாதியை எடுத்ததற்குச் சமம்.

ஆகவே அவருக்குப் பொருந்தியது மூன்றாவது வழி: பிளே ஸ்டோரிலிருந்து Projectivy Launcher போன்ற வேறொரு முகப்புச் செயலியை நிறுவுவது. வரிசைகளை நாமே அமைத்து, வேண்டாத கட்டங்களை மறைத்து, பரிந்துரைகளே இல்லாத வெறும் திரையை வைத்துக்கொள்ளலாம். நிறுவியதோடு வேலை முடியாது. வீட்டுப்படம் பொறித்த பொத்தானை அழுத்தினால் ரிவி பழைய முகப்புக்கே திரும்பும். அந்தச் செயலியின் அமைப்புகளில் பழையதை மேவும் தெரிவை இயக்கி, அதற்கு அணுகல்தன்மை அனுமதியும் கொடுத்தால்தான் புதிய முகப்பு நிலைக்கும். மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு திடீரெனப் பழைய வரிசைகள் தோன்றினால், பழுதென்று எண்ணாமல் முதலில் அந்த அனுமதி அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய முகப்பைக் கணினி வழியாக முற்றாக முடக்கும் முறையும் உண்டு. றிமோட்டைத் தவிர வேறெதுவும் தெரியாதவர்களின் வீட்டில் அதை நான் செய்யமாட்டேன். வீட்டுப் பொத்தான் வேலை செய்யாமற் போனால் மீட்க ஆள் போக வேண்டும்.

சாம்சங், எல்ஜி ரிவிகள் வைத்திருப்போருக்கு இந்த மூன்றாவது வழி இல்லை, ஏனெனில் அவற்றின் டைசன், வெப்ஓஎஸ் அமைப்புகள் மாற்று முகப்பை ஏற்பதில்லை. அங்கே செயலிக் கட்டங்களை நகர்த்துவதோடும் நீக்குவதோடும் பெரும்பாலும் நிறைவடைய வேண்டும்.

அடுத்த ஆண்டு சித்தப்பா புதிய கூகுள் ரிவி வாங்கினால், குரலில் தேடும் பழக்கம் இல்லாத அவருக்கு Apps only mode தான் போட்டுக் கொடுப்பேன். அம்மம்மாவின் ரிவியில் மாற்று முகப்பு இரண்டு மாதமாக இருக்கிறது. ஒருமுறை மட்டும் பழைய திரை வந்துவிட்டதென்று அழைத்தார். அனுமதியைத் திரும்பக் கொடுக்கும் இடத்தைத் தொலைபேசியிலேயே சொல்லிக்கொடுத்தேன்.