அண்ணன் பெயரில் கையெழுத்தா, அண்ணனுக்காகக் கையெழுத்தா?

வெளியூரில் இருக்கும் அண்ணனுக்குச் சொந்தமான கடையை மூன்று ஆண்டு வாடகைக்கு விட ஒப்பந்தம் தயாராக இருக்கிறது. தம்பிக்கு இரண்டு வழிகள் உண்டு. "நீயே போட்டுவிடு" என்று அண்ணன் தொலைபேசியில் சொன்னதை நம்பி, அவருடைய கையெழுத்தைப் போலவே போடுவது ஒன்று. எழுத்து மூலம் அதிகாரம் பெற்று, தன் பெயரிலேயே கையெழுத்திடுவது மற்றொன்று.

முதல் வழியில், ஒப்பந்தத்தின் வாசகங்கள் அனைத்தும் உண்மையாக இருந்தாலும், அண்ணனே ஒப்பமிட்டார் என்று அந்தத் தாள் வாடகைதாரரிடம் பொய் சொல்கிறது. ஓர் ஆவணம் தன்னை ஒப்பமிட்டவர் யார் என்பதிலேயே பொய் சொன்னால் அது போலி ஆவணம். ஏமாற்றும் எண்ணமும் சேர்ந்தால் கள்ளக் கையெழுத்துக் குற்றம். அண்ணன் வாய்மொழியாகச் சம்மதித்திருந்தால், ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று தம்பி வாதிடலாம். அந்த வாதத்துக்கு வலுவும் உண்டு. ஆனால் வாடகையில் தகராறு வந்து, "நான் சொல்லவே இல்லை" என்று அண்ணன் கைவிரித்தால், தம்பியிடம் மிஞ்சுவது நிரூபிக்க முடியாத ஒரு தொலைபேசிப் பேச்சு மட்டுமே. கையெழுத்து நிபுணரோ, பார்த்து வரைந்த கோட்டின் நடுக்கத்தையும், இயல்பாக நிற்காத இடத்தில் பேனா நின்று எழுந்த தடத்தையும் கண்டுபிடித்துவிடக்கூடும்.

இரண்டாம் வழியில் எந்தக் கடை, எத்தனை ஆண்டு, குறைந்தபட்ச வாடகை எவ்வளவு, முன்பணம் வாங்கும் அதிகாரம் உண்டா என்பவற்றை அண்ணன் எழுதி, ஒப்பந்தத் தேதிக்கு முன்பே கையெழுத்திட்டுக் கொடுக்கிறார். சில ஒப்பந்தங்களுக்குக் கடிதம் போதாது, முறைப்படி சான்றளிக்கப்பட்ட அதிகாரப் பத்திரமே வேண்டும் என்பதால், உள்ளூர்ச் சட்டத்தை முதலில் கேட்டறிவது நல்லது. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் அண்ணனின் பெயரை அச்சிட்டு, "இவர் சார்பாக" என்று குறித்து, அதன் கீழே தம்பி தன் வழக்கமான கையெழுத்தையும் பெயரையும் அதிகாரக் கடிதத்தின் தேதியையும் இடுகிறார். கடிதத்தின் நகல் ஒப்பந்தத்துடன் இணைக்கப்படுகிறது.

தவறு நேரும்போதுதான் இரண்டுக்கும் உள்ள இடைவெளி தெரிகிறது. மூன்று ஆண்டுக்கு அதிகாரம் பெற்ற தம்பி ஐந்து ஆண்டுக்குக் கையெழுத்திட்டுவிட்டால், அண்ணன் பின்னர் ஒப்புதல் அளித்து அதைச் சரிசெய்ய இடமுண்டு. கள்ளக் கையெழுத்தைப் பிற்பாடு ஒப்புக்கொண்டு செல்லுபடியாக்குவதைப் பல நாட்டுச் சட்டங்கள் ஏற்பதில்லை.

எனினும் இரண்டாம் வழிக்கும் எல்லை உண்டு. அண்ணன் இறந்தாலோ, அதிகாரத்தைத் திரும்பப் பெற்றாலோ, பொதுவாகக் கடிதம் வலுவிழந்துவிடும். ஆகவே கையெழுத்தாகும் நாளன்று அண்ணனிடமே ஒரு வார்த்தை கேட்டு உறுதிசெய்வது வாடகைதாரருக்குப் பாதுகாப்பு. மின்கையொப்பத்தை அங்குள்ள சட்டம் ஏற்குமானால், அண்ணன் இருந்த இடத்திலிருந்தே ஒப்பமிடலாம், அதிகாரக் கடிதமே தேவைப்படாது. ஆனால் அவருடைய கடவுச்சொல்லை வாங்கித் தம்பி ஒப்பமிட்டால், பேனா மாறியதே தவிர, அதுவும் முதல் வழிதான்.