வாழ்த்து ஜிஃப் பண்ணிக் கொடுக்க ஆள் புடிக்கிறவங்க காசு கொடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

அக்கா பிறந்தநாளுக்கு பேரோட ரெண்டு வரி வாழ்த்து, பின்னாடி மினுமினுன்னு ஏதாவது அசையணும், பேமிலி குரூப்ல போடணும், இவ்ளோதான் நான் கேட்டது. ஆன்லைன்ல ஒருத்தர் சாம்பிள் காட்டினார், லேப்டாப்ல பெருசா பாத்தப்ப அருமையா இருந்துச்சு, முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டிட்டேன். அதுதான் முதல் தப்பு.

வந்த ஃபைல் 11 எம்பி. குரூப்ல போட்டா ரொம்ப நேரம் சுத்திக்கிட்டே இருந்துச்சு, ஒருவழியா போனப்புறம் பாத்தா டவுன்லோட் ஆகுற வரைக்கும் வெறும் செவப்புக் கட்டம்தான் தெரியுது, ஏன்னா எழுத்து ஒண்ணொண்ணா தோணுற மாதிரி பண்ணிருக்கார், முதல் பிரேம்ல ஒரு எழுத்துகூட இல்ல. பிளே ஆனாலும் பேரு முழுசா வந்த உடனே லூப் திரும்பிடுது. சித்தி போன் பண்ணி "என்னடா எழுதிருக்க, படிக்கவே முடியல"ன்னு கேட்டாங்க, எனக்கு மனசே விட்டுப்போச்சு.

அவர்கிட்ட சொன்னேன். "சார் அது ஆப் பண்ற வேலை, நான் கம்ப்ரஸ் பண்ணித் தரேன்"னார். அவர் சொன்னதுல பாதி உண்மை இருக்கு, பல ஆப் ஜிஃப்பை வீடியோவா மாத்தித்தான் அனுப்புது, அப்ப செவப்பு மேல மெல்லிசா போட்ட தங்கக் கலர் எழுத்து ஓரமெல்லாம் கலங்கிடும். ஆனா அது தெரிஞ்சுதானே எழுத்தை தடிமனா போட்டிருக்கணும்? ரெண்டாவது ஃபைல் வந்துச்சு, சைஸ் பாதி, ஆனா எல்லாம் பேய் புடிச்ச மாதிரி ஓடுது. அப்பதான் சந்தேகம் வந்து gifsicle-ங்கற ஜிஃப் எடிட் பண்ற கமாண்ட் டூலைப் போட்டு ரெண்டையும் பிரிச்சுப் பாத்தேன்.

```
gifsicle --info vazhthu.gif
```

முதல் ஃபைல்ல 90 பிரேம், ஒவ்வொண்ணும் 0.05 செகண்ட், மொத்தம் நாலரை செகண்ட். அதுல வாழ்த்து முழுசா இருக்கறது கடைசி 12 பிரேம்ல மட்டும், அதாவது 0.6 செகண்ட். ரெண்டாவது ஃபைல்ல ஒண்ணு விட்டு ஒரு பிரேமை தூக்கிட்டு 45 ஆக்கிருக்கார், ஆனா ஒரு பிரேம் நிக்கற நேரமான delay-வை 0.1-ஆ மாத்தாம அப்படியே 0.05-லயே விட்டுட்டார். அதான் டபுள் ஸ்பீடு. படிக்கிறதுக்கு இப்ப 0.3 செகண்ட்தான். இதுக்குப் பேரு கம்ப்ரஸாம்!

சைஸ் ஏன் அவ்ளோ ஏறுச்சுன்னும் பாத்தேன். ஜிஃப்ல ஒரு பிரேமுக்கு 256 கலர்தான். அதனால இருட்டுலேர்ந்து வெளிச்சத்துக்கு மெதுவா மாறுற பேக்ரவுண்டு போட்டா கலர் பத்தாம புள்ளி புள்ளியா தூவி ஒப்பேத்தும், டித்தரிங்னு சொல்வாங்க. ஒரே கலர் நீளமா இருந்தாதான் ஜிஃப் நல்லா சுருங்கும், புள்ளி தூவினா சுருங்கவே சுருங்காது. அதோட, முந்தின பிரேம்லேர்ந்து எது மாறுச்சோ அந்த இடத்தை மட்டும் சேவ் பண்ற வசதி ஜிஃப்ல இருக்கு, இவர் படம் முழுக்க கிளிட்டர் தூவி வெச்சதால ஒவ்வொரு பிரேமும் கிட்டத்தட்ட முழுப் படம். அதுவும் 1080x1080-ல. போன்ல சாட்டுக்குள்ள தெரியற சின்னக் கட்டத்துக்கு எதுக்கு அவ்ளோ?

சோர்ஸ் ஃபைல் கேட்டேன், அதுக்குத் தனியா காசுன்னார், சண்டை போட்டேன், பிளாக் பண்ணிட்டார். அப்புறம் முதல் ஃபைலை வெச்சு நானே இப்படி பண்ணேன்:

```
gifsicle -U vazhthu.gif -d250 "#89" -d5 "#0-88" --resize 480x480 --colors 64 --loopcount=forever -O3 -o puthusu.gif
```

பிரேம் நம்பர் 0-லேர்ந்து ஆரம்பிக்கும், அதனால "#89" தான் கடைசி, வாழ்த்து முழுசா இருக்கற பிரேம். அதைத் தூக்கி முதல்ல வெச்சு ரெண்டரை செகண்ட் நிக்க வெச்சேன். முன்னோட்டத்துல வெறும் கட்டத்துக்குப் பதிலா வாழ்த்தே தெரியுது, லூப் திரும்பி வர்றப்பவும் நின்னு படிக்கலாம். இதுல முக்கியம் என்னன்னா, ஒரு பிரேமை எவ்ளோ நேரம் நிக்க வெச்சாலும் சைஸ் ஏறாது, delay வெறும் ஒரு நம்பர்தான். அந்த ஒரு நம்பரைக்கூட அவர் தொடல பாருங்க, அதான் எனக்கு ரொம்ப கோவம்.

இப்படி பண்ணி ரெண்டரை எம்பிக்கு வந்துச்சு. அதுக்குக் கீழ இறங்கல, கிளிட்டர் ஏற்கனவே படத்துல பதிஞ்சுபோச்சே, எடுக்க முடியாது. அப்புறம் பிரெண்டு ஒருத்தன் புதுசா ஒண்ணு பண்ணிக் கொடுத்தான், ஒரே கலர் பேக்ரவுண்டு, தடி எழுத்து அசையாம நிக்குது, மூலைல ஒரே ஒரு நட்சத்திரம் மட்டும் மினுக்குது. 300 கேபிகூட வரல, சித்தி கண்ணாடி போடாமலே படிச்சுட்டாங்க.

யார்கிட்ட கொடுத்தாலும் லேப்டாப்ல காட்டற சாம்பிளை நம்பாதீங்க, நீங்க அனுப்பப் போற அதே ஆப்லயே உங்க போனுக்கு அனுப்பச் சொல்லி பாருங்க, சோர்ஸ் ஃபைல் சேத்துத் தருவாரான்னு எழுத்துல வாங்குங்க, அப்புறம் மீதிக் காசு கொடுங்க. என் பணம் இன்னும் வரல, அந்த ஆளு இப்பவும் அதே செவப்பு சாம்பிளைத்தான் எல்லாருக்கும் காட்டிக்கிட்டு இருக்கார்.